வரத் தவறினால்

பெங்களூரின் தென்கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய பேச்சு சிகிச்சை மையம் இருக்கிறது. மாடியில் மூன்று அறைகள். கீழே மருந்துக் கடை. மையத்தை நடத்துபவர் மைசூரில் படித்த மலையாளி. அவரும் ஒரு சிகிச்சையாளர். அவரோடு இரண்டு சிகிச்சையாளர்கள் அமர்வுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வந்துபோகிறார்கள். வரவேற்பு மேசையில் இருப்பவர் ஓசூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் பெண். வருகிற குடும்பங்களில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது, இந்தி எல்லாம் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இந்த மையத்திலிருந்து ஒரு தாயின் கைப்பேசிக்குச் செய்தி ஒன்று போயிற்று. அதன் சொற்கள் இவை:

“அன்பார்ந்த பெற்றோருக்கு, 24 மணி நேரத்திற்கு முன் அறிவிக்காமல் அமர்வுக்கு வரத் தவறும் பட்சத்தில் முழுக் கட்டணமும் அபராதமாக வசூலிக்கப்படும் என்பது மையத்தின் விதிமுறையாகும். நேற்று தங்கள் குழந்தை வரத் தவறியதால் ரூ.500 செலுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. தங்கள் புரிதலுக்கு நன்றி.”

இதில் கடுஞ்சொல் ஒன்றுமில்லை. ‘அன்பார்ந்த’ இருக்கிறது, ‘தங்கள்’ இருக்கிறது, ‘பணிவுடன்’ இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. ஆயினும் அந்தத் தாய் அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நான்கு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்காத குழந்தை அது. வாரத்திற்கு ஒரு முறை, 45 நிமிடம் என்று ஐந்து மாதம் ஒழுங்காக வந்து, அப்போதுதான் ‘பாட்டி வா’, ‘பால் வேணும்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் வாரம் மையத்தின் உரிமையாளர் தாமே அழைத்துப் பேசியபோது நடந்தது தெரியவந்தது. தாய் தருமபுரிப் பக்கத்தவர். ஓசூர் சாலையில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை. வேலை நேரத்தில் கைப்பேசி வெளியே பெட்டியில் இருக்கும். மாலை ஐந்தரைக்குத்தான் கைக்கு வரும். குழந்தையை வியாழன் தோறும் அழைத்து வருவது பாட்டி. அந்த வியாழன் மதியம் பாட்டிக்குக் காய்ச்சல் கண்டது. பாட்டியிடம் மையத்தின் எண் இல்லை. மகளை அழைத்தால் எடுக்க ஆளில்லை. முந்தைய நாள் மையம் அனுப்பிய நினைவூட்டலோ, சேர்க்கைத் தாளில் முதலில் எழுதப்பட்டிருந்த தந்தையின் எண்ணுக்குப் போயிருந்தது. அவர் லாரி ஓட்டுநர். அன்று சோலாப்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

செய்தியைத் தாய் தாமே படித்தார். ‘பட்சத்தில்’ என்பதைப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனிடம் கேட்டிருக்கிறார். அவன் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டான்: “உங்களுக்கு ஃபைன் போட்டிருக்காங்க அக்கா.” ஐந்நூறு ரூபாய் ஏறத்தாழ அவருடைய ஒரு நாள் சம்பளம். மாதக் கடைசி வேறு. பாட்டி சொன்னாராம்: “பணத்தைக் கட்டாம எப்பிடி அவங்க மூஞ்சியில முழிக்கிறது? சம்பளம் வரட்டும்.” சம்பளம் வந்தது; வீட்டு வாடகைக்குப் போயிற்று.

பாட்டி சொன்ன ‘மூஞ்சி’ மொழியியல் மாணவர்களுக்கு உடனே வேறொன்றை நினைவூட்டும். பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக மறுபதிப்புச் செய்த பணிவுக் கோட்பாட்டின் மையச் சொல்லே ‘முகம்’தான். ஒவ்வொருவருக்கும் பிறர் முன் காத்துக்கொள்ள வேண்டிய ஒரு முகம் உண்டு. கேட்பது, மறுப்பது, குறை சொல்வது, கடனை நினைவூட்டுவது யாவும் அந்த முகத்தைச் சற்றேனும் சீண்டும் செயல்கள். அந்தச் சீண்டலைத் தணிக்க மொழிகள் கையாளும் வழிகளே பணிவு என்பது அவர்கள் வாதம். இந்தக் கோட்பாட்டுக்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்த்தால் மொழியும் இரண்டு. மூன்றாவது தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் திரட்டிய தமிழ். முகத்தில் விழிப்பது, முகங்கொடுத்துப் பேசுவது, முகத்தை முறிப்பது என்று வழங்கும் மொழிக்கு இக்கோட்பாட்டை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

கட்டண அறிவிப்பு என்பது சீண்டல்களின் பொதி. ‘நீ வரவில்லை’ என்ற குறை அதில் இருக்கிறது. ‘பணம் கொடு’ என்ற கேட்பு இருக்கிறது. ‘இனியும் இப்படிச் செய்தால்’ என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. மூன்றையும் எழுதுபவர், தணிப்பதற்காக இயல்பாகவே பிரவுனும் லெவின்சனும் பட்டியலிட்ட சில உத்திகளுக்குள் போய் நிற்கிறார். சொல்பவரையும் கேட்பவரையும் வாக்கியத்திலிருந்து அகற்றிவிடுவது ஓர் உத்தி. செயலைப் பொது விதியாகச் சொல்வது இன்னொன்று. மேலே உள்ள செய்தியில் இவை இரண்டும் அப்படியே இருக்கின்றன: ‘வசூலிக்கப்படும்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘விதிமுறையாகும்’. வசூலிப்பவர் யார், கேட்பவர் யார் என்பது எங்குமில்லை. கோட்பாட்டின்படி பார்த்தால் இது பணிவான செய்தி.

ஆனால் ஒரு வாக்கிய அமைப்பு எங்கிருந்து பழகி வந்தது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் கட்டணம் ‘விதிக்கப்படும்’ என்று எழுதினால் அது விடுதி, விமான நிறுவனம், பல் மருத்துவமனை எல்லாம் எழுதும் சாதாரண நடை. தமிழில் ‘-ப்படும்’ என்று முடியும் வாக்கியத்தை அந்தத் தாய் வேறெங்கே படித்திருப்பார்? மின்கட்டண அட்டையின் பின்புறத்தில். நகைக்கடன் ஏல அறிவிப்பில். பேருந்தில் பயணச்சீட்டில்லாமல் பயணம் செய்வோருக்கான பலகையில். வரவேற்பு மேசைப் பெண்ணும் இந்தத் தமிழை அவ்விடங்களிலிருந்துதான் எடுத்தார். உரிமையாளர் தந்த ஆங்கில வாசகத்திற்கு நிகராக ‘அலுவலகத் தமிழ்’ வேண்டும் என்று அவர் நினைத்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த அலுவலகத் தமிழ் அதுவே. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளை மறைத்துவிட்டால் மோதல் குறையும் என்பது நிகரான இருவரிடையே சரியாக இருக்கலாம். ஒரு பக்கம் நிறுவனமும் மறுபக்கம் நாள் சம்பளக்காரரும் இருக்கும்போது, ஆளில்லாத வாக்கியம் அரசாங்கத்தின் குரலாகிவிடுகிறது. ஆளிருந்தால் போய்ப் பேசலாம். விதிமுறையிடம் யார் பேசுவது?

அதைவிடக் கூர்மையானவை இரு சொற்கள். ஒன்று ‘தவறு’. ‘வரத் தவறினால்’ என்பதில் அது வெறும் வினைதான். வராமற்போனால் என்பதற்கு மேல் அதற்கு அகராதிப் பொருள் இல்லை. ஆனால் அதே சொல் பெயராகும்போது குற்றம். படிப்பவர் இரண்டையும் பிரித்துப் படிப்பதில்லை. ‘தங்கள் குழந்தை வரத் தவறியதால்’ என்ற தொடரில் காய்ச்சலில் படுத்த பாட்டிக்கு இடமில்லை. தவறிய ஒருவருக்கே இடமிருக்கிறது, அதுவும் நான்கு வயதுக் குழந்தைக்கு. ‘வர இயலவில்லை’ என்றால் அந்த இடம் திறக்கிறது. மாற வேண்டியிருந்தது ஒரு வினைச்சொல் மட்டுமே.

மற்றொன்று ‘அபராதம்’. வடமொழியில் அபராதம் என்பது குற்றம். கன்னடத்தில் இன்றும் அச்சொல்லுக்குக் குற்றம் என்றே பொருள். குற்றத்திற்குக் கட்டும் பணத்தை அங்கே தண்டம் என்பார்கள். தமிழில் குற்றத்தின் பெயர் மெல்ல நகர்ந்து குற்றத்திற்கான பணத்தின் பெயராகிவிட்டது. நகர்ந்தாலும் பழைய வீட்டின் வாடை போகவில்லை. பணத்தைக் கட்டும்போது குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. இதன் விளைவாக, ஒரே அறிவிப்பை ஒரே மையத்தில் படிக்கும் கன்னடக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே செய்தியைப் படிப்பதில்லை. ஐந்நூறு ரூபாய் இல்லாதது மட்டுமே அந்தத் தாயை நிறுத்தவில்லை. அவர் பின்னர் உரிமையாளரிடம் சொன்னது: “நாங்க தப்பு பண்ணிட்டோம்னு எழுதியிருந்துச்சுங்க மேடம். அப்பறம் எப்பிடி வர்றது?”

கடைசி வரியும் கவனிக்கத் தக்கது. ‘தங்கள் புரிதலுக்கு நன்றி’ என்பது ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி வந்தது. இன்னும் நிகழாத ஒன்றுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லி, மறுப்பதற்கான இடத்தை மூடிவிடும் வாக்கியம் அது. தமிழில் ஒருவர் புரிந்துகொண்ட பிறகே நன்றி சொல்வது வழக்கம்.

இத்தனைக்கும் பிறகு, கட்டணமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். உரிமையாளருக்கும் தோன்றியது. ஆனால் அவருடைய கணக்கேட்டில் வேறொரு துயரம் இருந்தது. வந்துபோகும் சிகிச்சையாளருக்கு ஓர் அமர்வுக்கு ரூ.250 என்று பேச்சு. குழந்தை வராவிட்டாலும் அவர் வந்து அமர்ந்துவிட்டார் என்பதால் அது கொடுத்தாக வேண்டும். மாலை நான்கிலிருந்து ஆறரை வரையிலான நேரங்களுக்குக் காத்திருக்கும் குழந்தைகள் எப்போதும் உண்டு. பள்ளி முடிந்து வரக்கூடிய நேரம் அதுதான். முந்தைய நாள் தகவல் கிடைத்தால் காத்திருப்போரில் ஒருவரை அழைத்துவிடலாம். அன்று மதியம் கிடைத்தால், ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலகங்காவிலிருந்தோ யாரும் போக்குவரத்தைக் கடந்து வந்துசேர முடியாது. அறை வெறுமையாகக் கிடக்கும், வரிசையில் ஒரு குழந்தை இருக்கும்போதே.

அபராதம் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு முனையிலிருந்தும் அவருக்கு அனுபவம் இருந்தது. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இருவரின் குழந்தை அங்கே வருகிறது. ஐந்நூறு ரூபாய் விதி வருவதற்கு முன், வர முடியாவிட்டால் அவர்கள் அழைத்து வருத்தம் தெரிவிப்பார்கள். விதி வந்த பின் அழைப்பு நின்றது. மறுநாள் பணம் மட்டும் கணக்கில் வந்து விழுந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்த ஒன்றுக்கு இப்போது விலை இருந்தது, விலையைக் கொடுத்தாகிவிட்டது.

உரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதையே பேசுகிறது. அதன் தலைப்பைத் தமிழில் ‘அபராதம் என்பது ஒரு விலை’ என்று சொல்லலாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை 20 வாரங்கள் கவனித்தார்கள். மாலையில் குழந்தையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது அங்கே சிக்கல். ஐந்தாம் வாரத்தில் ஆறு காப்பகங்களில் பத்து நிமிடமோ அதற்கு மேலோ தாமதித்தால் 10 ஷெக்கல் என்று அபராதம் வந்தது. தாமதம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போய் ஏறத்தாழ இரு மடங்கில் நின்றது. பின்னர் அபராதத்தை நீக்கினார்கள். ஆனாலும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறார் என்ற கூச்சம் ஒரு முறை விலையாக மாறிவிட்டால், விலையை எடுத்தாலும் கூச்சம் திரும்பி வருவதில்லை. அங்கே அபராதம் சிறிது என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய தொகை வைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். பெங்களூர் மையத்திலோ ஒரே ஐந்நூறு ரூபாய் ஒரு வீட்டுக்கு விலை, இன்னொரு வீட்டுக்குத் தண்டனை. ஒருவர் கூச்சமின்றி வராமலிருந்தார். மற்றவர் கூச்சத்தால் வராமலிருந்தார்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது சொல்லாராய்ச்சிக்கும் உதவுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கக்கூடியது அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே என்கிறது. எழுதிய தொகை உச்சவரம்புதான். தானாகக் கிடைக்கும் உரிமை அன்று. ஆங்கிலேயச் சட்டம் இழப்பீட்டு மதிப்பீட்டையும் தண்டத் தொகையையும் பிரித்துப் பார்த்த வேறுபாட்டை இந்தியச் சட்டம் இப்பிரிவால் நீக்கிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபத்தே சந்த் வழக்கில் விளக்கியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நேர்ந்த இழப்புக்கு முற்றிலும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர்மீது சுமத்தும் விதியை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2(46) பிரிவில் சொல்கிறது. ஐந்நூறு ரூபாய்க்காக யாரும் மாநில ஆணையத்தின் படியேறப் போவதில்லை என்பது உண்மை. எனினும் சட்டம் கேட்கும் கேள்வி தெளிவானது: உனக்கு என்ன இழப்பு? எவர் செய்த தவறு என்பது அங்கே இரண்டாம் கேள்விகூட இல்லை.

அந்தக் கேள்வியை உரிமையாளர் தம் கணக்கேட்டிடம் கேட்டார். குழந்தை வந்திருந்தால் ஐந்நூறில் சிகிச்சையாளருக்கு 250 போகும். வந்தாலும் வராவிட்டாலும் போகும். மீதியில் ஒரு பகுதி, அமர்வு முடிந்து குறிப்பெழுதுவதற்கும் வீட்டுப் பயிற்சித் தாள் தயாரிப்பதற்கும் பெற்றோரிடம் விளக்குவதற்கும் ஆகும் நேரத்துக்கானது. குழந்தை வராத நாளில் இந்த வேலை இல்லை. அறை வாடகை எப்படியும் உண்டு. ஆகவே முழுக் கட்டணம் என்பது நேராத செலவையும் சேர்த்துக் கேட்பது. பாதி, அதாவது ரூ.250 என்றால், வாடகையை மையம் ஏற்றுக்கொண்டு கையிலிருந்து போனதை மட்டும் கேட்பதாகும். அந்தத் தொகைக்கு ‘அபராதம்’ என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது. ஒதுக்கிய நேரத்துக்கான பங்கு என்பதே அதன் பெயர்.

கணக்கு சரியானதும் விதியின் மற்ற பகுதிகளும் அசைந்தன. 24 மணி நேரம் என்பது காகிதத்தில் நேர்த்தியாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி அமர்வுக்கு அது ஞாயிறு காலை ஒன்பது மணி. அன்று மையத்தில் தொலைபேசியை எடுக்க யாருமில்லை. எனவே ‘முந்தைய வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள்’ என்று மாறிற்று. நோய்க்கு விலக்கு என்பதில் தொடக்கத்தில் அவருக்குத் தயக்கம் இருந்தது; எல்லோரும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டால்? ஆனால் விலக்கு இல்லாதபோது நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். பணம் போய்விடுமே என்று மூக்கொழுகும் குழந்தையைக் கொண்டுவந்து அமர்த்துகிறார்கள். ஒரே பொம்மைகளை வாயில் வைக்கும் அறையில் அந்த வாரமே இன்னும் மூன்று குழந்தைகள் படுக்கின்றன. வெறுமையாகும் இருக்கைகள் ஒன்றிலிருந்து நான்காகின்றன. குழந்தைக்கோ அழைத்து வருபவருக்கோ உடல்நலமில்லை என்றால் கட்டணம் இல்லை, சான்றும் கேட்பதில்லை என்று எழுதினார்.

பிறகு, அறிவிப்புக்கு முன் என்ன செய்வது என்பது. குழந்தை வராத பதினைந்தாம் நிமிடத்தில் ஓர் அழைப்பு. அன்றே பணச் செய்தி கிடையாது, மறுநாள்தான். அனுப்பும் முன் இரண்டைப் பார்ப்பது: நினைவூட்டல் எந்த எண்ணுக்குப் போயிற்று, அந்த எண்ணுக்கு உரியவர்தாம் குழந்தையை அழைத்து வருகிறவரா. இதைப் பார்த்தபோது பல குடும்பங்களின் தாள்களில் முதல் எண் தந்தையுடையது என்பதும், அழைத்து வருபவர் தாயோ பாட்டியோ என்பதும் தெரிந்தது. படிவத்தில் ‘பெற்றோர் எண்’ என்றிருந்த கட்டத்தை ‘குழந்தையை அழைத்து வருபவர் எண்’ என்று மாற்றினார்கள். வராத நாள்கள் குறைந்ததற்கு விதியைவிட அந்தக் கட்டமே அதிகம் காரணம் என்று வரவேற்பு மேசைப் பெண் உறுதியாகச் சொல்கிறார்.

புதிய செய்தியை அவரும் உரிமையாளரும் சேர்ந்து ஒரு மாலை முழுவதும் எழுதினார்கள். அது இப்படி:

“வணக்கம். நேற்று வியாழன் மாலை 4.30 மணிக்குக் குழந்தையால் வர இயலவில்லை. வீட்டில் எல்லோரும் நலம்தானே? அந்த 45 நிமிடத்தை வேறு குழந்தைக்குத் தர முடியவில்லை. சிகிச்சையாளருக்கு மையம் ரூ.250 கொடுத்தது. இப்படி நேர்ந்தால் அந்த ரூ.250ஐ மட்டும் பெற்றோர் ஏற்பது என்று சேர்க்கை நாளில் நாம் பேசிக் கையெழுத்திட்டோம். முதல் முறை என்பதால் இப்போது எதுவும் கட்ட வேண்டாம். குழந்தைக்கோ அழைத்து வருபவருக்கோ உடல்நலமில்லை என்றால் எப்போதுமே கட்ட வேண்டாம், சொன்னால் போதும். எங்கள் நினைவூட்டல் கிடைக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். அடுத்த வியாழன் 4.30 மணி உங்கள் குழந்தைக்காகவே இருக்கிறது. பணம் பாக்கி இருந்தாலும் அது மாறாது.”

பழையதைவிட இது நீளம். நிறுவனச் செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பிடிக்காது. ‘பணிவுடன்’ என்ற சொல் இதில் இல்லை. ‘தாங்கள்’ போய் ‘நீங்கள்’ வந்திருக்கிறது. கொடுத்தவர் யார், எவ்வளவு, ஏன் என்பவை எழுவாயோடு இருக்கின்றன. தமிழுக்கு இயன்ற ஒரு சிறு வேலையும் நடந்திருக்கிறது. தமிழில் கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’ வேறு, விலக்கும் ‘நாங்கள்’ வேறு. தெலுங்கிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு, இன்றைய கன்னடத்தில் இல்லை. ‘நாம் பேசிக் கையெழுத்திட்டோம்’ என்னும்போது விதி இருவருடையதாகிறது. ‘எங்கள் நினைவூட்டல்’ என்னும்போது பிழைக்கான பொறுப்பு மையத்தோடு நிற்கிறது. உரிமையாளர் முதலில் ‘நம் நினைவூட்டல்’ என்றே சொன்னாராம், உறவாக இருக்கட்டும் என்று. வரவேற்பு மேசைப் பெண்தான் மறுத்திருக்கிறார்: “அது நம்ம தப்பு மேடம், அவங்கள ஏன் அதுல சேக்கணும்?” அவர் சொன்ன ‘நம்ம’வும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் கனமானது கடைசி வரி. பாக்கிக்கும் அடுத்த வருகைக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், படிப்பவர் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்வார். பாட்டி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இதற்கு விலை உண்டு. வாராவாரம் பாக்கி வைத்தபடி வரும் ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவரிடம் நேரில் பேசியாக வேண்டும், செய்தி உதவாது. மென்பொருள் நிறுவனத் தம்பதியினரிடமும் புதிய செய்தி பெரிய மாற்றத்தைச் செய்யவில்லை. பணம் பாதியாகக் குறைந்தது அவர்கள் கவனத்துக்கு வந்ததா என்பதே ஐயம். அவர்களுக்கு மாலை நேரத்திற்குப் பதில் சனிக்கிழமை காலை நேரம் கொடுத்த பிறகு ஒழுங்காக வருகிறார்கள்.

குழந்தை நான்காம் வாரம் திரும்பி வந்தது. ‘பால் வேணும்’ இருந்தது. ‘பாட்டி வா’ மறந்திருந்தது. அதை மீட்க மூன்று அமர்வுகள் ஆயின.

அன்று பாட்டியும் உடன் வந்திருந்தார். உரிமையாளர் அவரை உட்காரவைத்து, புதிய விதியைத் தம் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார்: எதற்கு 250, எதற்கு இல்லை, யாரிடம் சொல்வது, எத்தனை மணிக்குள். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எண்ணை மடித்த தாளில் வாங்கிச் சுருக்குப்பையில் வைத்த பின் கேட்டார்:

“செரிங்க டாக்டரம்மா. ஆவணியில ரெண்டு வாட்டி நீங்க இன்னிக்கி இல்லன்னு காலையில போன் போட்டீங்க. ஒரு வாட்டி நான் பாதி வழி வந்துட்டேன், ஆட்டோ வேற. அன்னிக்கி எங்களுக்கு யாரு குடுக்கறது?”

வரவேற்பு மேசைப் பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு முறை என்பது சரியாக இருந்தது. பேசிக் கையெழுத்திடும் தாளில் அந்த வாரம் இன்னொரு பத்தி சேர்ந்தது: முந்தைய வேலை நாள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு மையம் அமர்வை நிறுத்தினால், அடுத்த அமர்வுக்கு ரூ.250 குறைத்துக்கொள்ளப்படும். ‘கொள்ளப்படும்’ என்பதை அந்தப் பெண் அடித்துவிட்டு, ‘குறைத்துக்கொள்வோம்’ என்று எழுதினார்.